ஏழாம் மேசையில் ஆள் இருக்கிறார்

அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு பெண்கள், ஒரே கம்பெனியிலும் வேலை பார்த்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, நன்றாகத்தான் போகும், மூத்தவள் சும்மா இருந்தால். நம் மூத்தவளுக்குக் கைவராத ஒரே காரியம் அதுதான். இளையவள் எந்தச் செருப்புப் போட வேண்டும், எந்தப் பல் மருத்துவரிடம் போக வேண்டும், தலைவலிக்கு எந்தப் பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும் என்பதுவரை அவள்தான் முடிவு செய்வாள். பாசத்தில் குறையே சொல்ல முடியாது. கேட்டுவிட்டுச் செய்யும் பழக்கம் மட்டும் கிடையாது.

இருவரும் கட்டடங்களுக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடுகிறவர்கள். கம்பெனி போன வருடம் தன் சொந்த அலுவலகத்தைக் காலி செய்துவிட்டு, பல கம்பெனிகள் கலந்து உட்காரும் பொது அலுவலகம் ஒன்றின் நான்காம் மாடியில் தினமும் பத்து மேசைக்கு ஒப்பந்தம் போட்டது. ஆட்கள் பதினாறு பேர், மேசை பத்து. யாருக்கும் சொந்த இடம் இல்லை. முந்தின நாளே ஆப்பில் மேசை பிடித்து வைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மேசைதான். காலையில் வந்து, மேசை மூலையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடைப் போனில் ஸ்கேன் செய்து செக்-இன் போட வேண்டும். எல்லாருக்கும் மேசை ஒன்பது மணியிலிருந்துதான்; ஒன்பதரைக்குள் செக்-இன் விழவில்லை என்றால், ஆள் வரவில்லை என்று ஆப் தானே முடிவு செய்து மேசையை விடுவித்துவிடும். காத்திருப்பவர்களில் முதல் ஆளுக்கு அது போய்விடும்.

இதுவரைக்கும் மூத்தவளுக்குப் புரிந்தது. அடுத்த விதியில்தான் அவளுக்கு மண்டை காய்ந்தது. விடுவிக்கப்பட்ட மேசையும் அன்றைய கணக்கில் சேர்ந்துவிடுமாம். பத்து மணிக்கு மூச்சிரைக்க வந்து நிற்கிறவர் முன்னால் நாலு மேசை காலியாகக் கிடந்தாலும் ஒன்றைக்கூடப் பிடிக்க முடியாது.

அந்த மாடியின் பொறுப்பாளரிடம் அவள் இதைப் பற்றி ஒருநாள் சண்டைக்கே போய்விட்டாள். முப்பது வயது தாண்டாத பையன். எதைக் கேட்டாலும் விதியைச் சொல்வதால் எல்லாரும் அவனுக்கு ‘ரூல்ஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“உட்காரவே இல்லையேப்பா. அப்புறம் எப்படி இன்னைக்கு மேசை எடுத்தாச்சுன்னு சொல்லுது?”

“நீங்க பிடிச்சு வச்சிருந்த நேரத்துல வேற யாரும் பிடிக்க முடியலையே மேடம்.”

“சரி, இதோ இது காலியாத்தானே கெடக்கு? இதுல யார் உட்கார்ந்திருக்கா?”

“யாரும் இல்ல மேடம்.”

“அப்போ நான் உட்கார்றேன்.”

“முடியாது மேடம். நீங்க இன்னைக்கு ஏற்கனவே ஒண்ணு எடுத்துட்டீங்க.”

சுற்றிச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நின்றது பேச்சு. உட்கார்ந்தவர் உட்காராதவர் ஆவதும், உட்காராதவர் உட்கார்ந்தவர் ஆவதும் இந்த ஆப்பின் கையில்தான் இருக்கிறது என்று மட்டும் மூத்தவள் புரிந்துகொண்டாள். அந்தப் புரிதல்தான் பின்னால் வினையாக முடிந்தது.

மாமனாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆனது. புதன், வெள்ளி காலைகளில் அவரைப் பிசியோதெரபிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கொண்டுவந்து விட வேண்டும். மகன்கள் இருவரும் பொழுது விடியும்போதே கிளம்பிவிடுகிறவர்கள். இளையவள் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஆனால் அவள் அலுவலகத்தில் கால் வைக்கும்போது பத்தரை ஆகிவிடும். முதல் வாரத்திலேயே இரண்டு முறை அவள் மேசை விடுபட்டுப் போனது. இரண்டு முறையும் வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினாள். அதே மாதத்தில் மூன்றாவது முறையும் அப்படி ஆனால் பத்து வேலை நாளுக்கு மேசையே பிடிக்க முடியாது. வீட்டுக் கணினியில் பெரிய வரைபடம் திறக்கவே திறக்காது. அப்போது அவள் கையில் ஒரு மருத்துவமனைக் கட்டடத்தின் வேலை இருந்தது. ஐந்து வருடம் காத்திருந்து அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. பத்து நாள் வராவிட்டால் அது வேறு கைக்குப் போய்விடும்.

மூத்தவள் விடுவாளா? தன் பெயரில் இரண்டு மேசை பிடித்துப் பார்த்தாள், ஆப் ஒன்றோடு நிறுத்திக்கொண்டது. எப்போதோ விடுப்புக்கு விண்ணப்பிக்க இளையவள் கொடுத்த பாஸ்வேர்டு ஞாபகம் வந்தது. புதனும் வெள்ளியும் சீக்கிரமே போய், தன் போனில் இளையவள் கணக்கைத் திறந்து, இளையவள் மேசையின் கோடை ஸ்கேன் செய்து செக்-இன் போட்டாள். அப்புறம் தன் கணக்குக்கு மாறித் தனக்குப் போட்டாள். மேசை பத்திரமாகக் காத்திருந்தது. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு இரண்டு நாள் கூடுதலாகப் பேசினாள்.

மூன்று வாரம் இப்படி ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை, பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது இளையவள் சொன்னாள்.

“அக்கா, இனிமே எனக்கு நீங்க செக்-இன் போட வேண்டாம்.”

“ஏன்?”

“நான் இல்லாதப்போ நான் இருக்கேன்னு காட்டுறது எனக்குப் பிடிக்கலக்கா. கூசுது. நான் பார்த்துக்கறேன்.”

“என்னத்தப் பார்த்துப்ப? ஏற்கனவே ரெண்டு போச்சு. வேலை கையை விட்டுப் போனா அழுதுக்கிட்டு எங்கிட்டதானே வருவ?”

இளையவள் தட்டைத் துடைத்து அடுக்கிவிட்டுப் போய்விட்டாள். சின்னப் பெண், கோபத்தில் பேசுகிறாள், நாளைக்குச் சரியாகிவிடும் என்று மூத்தவள் தனக்குள் தீர்ப்பு எழுதி முடித்தாள்.

மறுநாள் புதன். இளையவள் குளியலறையில் இருக்கும்போதே மூத்தவள் கிளம்பிவிட்டாள். நீ இன்றைக்கு எப்போது வருவாய் என்று கதவைத் தட்டிக் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? புதன் என்றால் பத்தரைதான்.

நான்காம் மாடியை நடுவில் தேநீர் அறையும் அதை ஒட்டி, கரண்ட் போனால் கைகொடுக்கும் பேட்டரி அறையும் இரண்டாகப் பிரித்திருந்தன. இளையவள் பிடித்திருந்த ஏழாம் மேசை ஜன்னல் பக்கம், சுற்றிலும் அவளை அறியாத வேறு கம்பெனிக்காரர்கள். மூத்தவளுக்கு அன்று கிடைத்தது மறுகோடியில் முப்பத்தொன்று. ஜன்னல் பக்கம் போய் ஏழாம் மேசைக்குச் செக்-இன் போட்டாள். சுவரில் மாட்டியிருந்த திரையில் ஏழாம் கட்டம் பச்சையிலிருந்து சிவப்பானது. மேசையில் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். காலியான நாற்காலியை ஒரு முறை பார்த்துவிட்டுத் தன் கோடிக்கு நடந்தாள்.

பத்து மணி தாண்டியிருக்கும். விளக்குகள் ஒரே நேரத்தில் அணைந்தன. உடனே அபாய மணி அலறியது. இது பயிற்சியா, பழுதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேட்டரி அறைக் கதவின் அடியிலிருந்து கறுப்பாகப் புகை வந்தது. அப்புறம் யாரும் யோசிக்கவில்லை. மூத்தவள் கைப்பையையும் போனையும் எடுத்துக்கொண்டு தன் பக்கத்துப் படிக்கட்டில் இறங்கினாள். ஜன்னல் பக்கத்துக்காரர்கள் அவர்கள் பக்கத்துப் படிக்கட்டில் இறங்கினார்கள்.

எதிரே வண்டி நிறுத்தும் இடத்தில் எல்லாரும் கூடினார்கள். ரூல்ஸ் கையில் டேப்லெட். அதில் அன்று செக்-இன் போட்டவர்களின் பெயர்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, பெயரைத் தட்டினான். தட்டிய பெயர் மங்கியது. தீயணைப்பு வண்டி வந்து நின்றபோது ஒரே ஒரு பெயர் மட்டும் மங்காமல் இருந்தது.

“ஒருத்தர் குறையுது சார்” என்றான் தீயணைப்பு அதிகாரியிடம். “ஏழாம் மேசை. ஜன்னல் பக்கம். புகை அதிகமா இருக்கறது அங்கதான்.”

அதிகாரி திரும்பிப் பார்த்தார். இரண்டு பேர் முதுகில் காற்று உருளையை மாட்டிக்கொண்டு முகமூடியை இறுக்கினார்கள்.

மூத்தவள் அந்த இருவரையும் பார்த்தாள். இல்லாத ஒருத்தியைத் தேடி இரண்டு பிள்ளைகள் அந்தப் புகைக்குள் போகப் போகிறார்கள். அவர்களுக்கு ஏதாவது ஆனால்? சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. சொன்னால் இளையவள் வேலை போகும், தன் வேலையும் போகும். கால் தானாகவே முன்னால் போனது.

“சார், போகாதீங்க. அவ உள்ள இல்ல.”

“செக்-இன் இருக்கே மேடம்” என்றான் ரூல்ஸ்.

“அது அவ போட்டது இல்ல. நான் போட்டது.”

“உங்க பேரைத்தான் தட்டிட்டேனே. நீங்க முப்பத்தொண்ணு.”

“எனக்கும் நான்தான் போட்டேன். அவளுக்கும் நான்தான் போட்டேன்.”

ரூல்ஸ் திருதிருவென்று முழித்தான். “ஒருத்தருக்கு ஒரு மேசைதானே மேடம்?”

“அவ மேசை அவ பேர்லதான் இருக்கு. செக்-இன் மட்டும் நான்.”

“அப்போ அவங்க வந்திருக்காங்களா இல்லையா?”

“வரல. வந்த மாதிரி இருக்கு, ஆனா வரல.”

அதிகாரிக்குப் பொறுமை இல்லை. “அம்மா, எனக்கு மேசையைப் பத்திப் பேச நேரம் கெடையாது. அவங்க உள்ள இல்லன்னு நிச்சயமாச் சொல்றீங்களா?”

“நிச்சயமா.”

“பார்த்தீங்களா?”

“இன்னைக்குப் புதன் சார். அவ பத்தரைக்கு முன்னாடி வரவே மாட்டா. என் ஓரகத்திதான், எனக்குத் தெரியாதா?”

அதிகாரி ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்த இருவரையும் பேட்டரி அறையில் தீயை அணைக்கிறவர்களோடு சேர்ந்துகொள்ளச் சொன்னார். ரூல்ஸ் ஏழாம் மேசையின் பெயரைத் தட்டினான். அதுவும் மங்கியது.

மூத்தவள் பெருமூச்சு விட்டாள். உண்மையைச் சொன்னதில் முதுகுச் சுமை இறங்கியது போலிருந்தது. இனி வேலை போனாலும் பரவாயில்லை என்றுகூடத் தோன்றியது. வழியில் வந்துகொண்டிருப்பவளை இந்தப் பக்கம் வராதே என்று தடுக்க வேண்டுமே என்று இளையவளுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அடித்து ஓய்ந்தது. இன்னும் கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போட்டாள்.

மாமனார் எடுத்தார். பின்னால் தொலைக்காட்சிச் சத்தம்.

“மாமா, வீட்டுக்கு வந்தாச்சா? அவ கிளம்பிட்டாளா?”

“நான் எங்கம்மா போனேன், வர்றதுக்கு?”

“பிசியோதெரபி, மாமா. இன்னைக்குப் புதன்.”

“அதைத்தான் சாயங்காலத்துக்கு மாத்திட்டாளே. போன வாரமே அங்க பேசி முடிச்சுட்டா. இனிமே ஆபீஸ் விட்டு வந்து கூட்டிட்டுப் போறாளாம். உனக்குச் சொல்லலையா?”

“இப்போ அவ எங்க மாமா?”

“ஆபீஸ்லதான். நீ கிளம்பின கொஞ்ச நேரத்துலயே அவளும் கிளம்பிட்டாளே. ஏம்மா, ரெண்டு பேரும் ஒரே எடத்துலதானே வேலை பாக்கறீங்க? எங்கிட்டக் கேக்கற?”

போன் காதிலேயே இருந்தது. மாமனார் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மூத்தவள் நிமிர்ந்து நான்காம் மாடியைப் பார்த்தாள். ஜன்னல்கள் கறுத்துப் போயிருந்தன.

இளையவள் வந்திருந்தால் ஏழாம் மேசையில் ஸ்கேன் செய்திருப்பாள். ஏற்கனவே செக்-இன் ஆகிவிட்டது என்று வந்திருக்கும். யார் வேலை என்று புரிந்திருக்கும். கோபத்தில் மூத்தவள் உட்கார்ந்த கோடிக்கு வந்து முகம் காட்டியிருக்க மாட்டாள். அல்லது வராமலே திரும்பியிருப்பாளோ? கீழே கடைக்குப் போயிருப்பாளோ? அந்த ஆப்பில் வந்தவளுக்கும் வராதவளுக்கும் ஒரே சிவப்புதான். காலையில் அப்படி ஆக்கி வைத்ததே தான்தானே. எதைப் பிடித்துக்கொண்டு யோசிப்பது என்றே தெரியாமல் ஓடினாள்.

“சார், அவ உள்ள இருக்கா! இருக்கலாம். வந்திருக்கா சார்.”

“யாரு?”

“ஏழாம் மேசை.”

“இப்பத்தான் இல்லன்னு சொன்னீங்க?” ரூல்ஸ் கிட்டத்தட்ட அழுதுவிட்டான். “எடுத்துட்டேனே மேடம்!”

“இல்லன்னு நெனச்சேன். இப்போ இருக்கான்னு... வீட்ல இருந்து கிளம்பிட்டா. ஆனா மேல வந்தாளான்னு...”

அதிகாரி அவள் இரண்டு தோள்களையும் பிடித்து நிறுத்தினார். “அம்மா. என்னைப் பாருங்க. ஆள் உள்ள இருக்காங்களா, இல்லையா? ஒண்ணு சொல்லுங்க.”

மூத்தவள் வாயைத் திறந்தாள். வாழ்க்கையில் எந்தக் கேள்விக்கும் அவளிடம் பதில் இல்லாமல் இருந்ததில்லை.

“தெரியல சார்” என்றாள். “எனக்குத் தெரியல.”

“தெரியலன்னா, உள்ள இருக்காங்கன்னுதான் எங்களுக்குக் கணக்கு. இதை முதல்லயே சொல்லியிருக்கணும்” என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிக் குரல் கொடுத்தார். பேட்டரி அறைக்குப் போயிருந்த இருவரும் இறங்கி வந்து, காற்று உருளையைச் சரிபார்த்துக்கொண்டு, ஜன்னல் பக்கத்துப் படிக்கட்டில் ஏறினார்கள்.

மூத்தவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வந்திருக்கக் கூடாது, வந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். வந்திருந்தால் உயிரோடு வரட்டும் என்று உடனே மாற்றிக்கொண்டாள். எது தன் வேண்டுதல் என்றே அவளுக்குக் குழம்பியது. இளையவளின் எண்ணுக்கு மறுபடி மறுபடி போன் போட்டாள். யாரோ தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

நேரம் போனதே தெரியவில்லை, அல்லது நின்றேவிட்டது. கடைசியில் படிக்கட்டு வாசலில் ஒரு முகமூடி தெரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று. நடுவில் இருவர் தோளிலும் தொங்கிக்கொண்டு, முகமெல்லாம் கரியோடு, கிழிந்த துப்பட்டாவை வாயில் கட்டிக்கொண்டு இளையவள் வந்தாள்.

மூத்தவள் ஆம்புலன்ஸ் வரைக்கும் பக்கத்திலேயே ஓடினாள். உள்ளே படுக்க வைத்து ஆக்சிஜன் முகமூடி போட்டார்கள். இருமி இருமி ஓய்ந்தபின் இளையவள் கண்ணைத் திறந்தாள். மூத்தவளைப் பார்த்ததும் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினாள்.

“போன் பேசற கண்ணாடி அறைக்குள்ள இருந்தேன்க்கா. ஹெட்செட் மாட்டிக்கிட்டு லேப்டாப்புல மருத்துவமனைக்காரங்ககிட்டப் பேசிட்டு இருந்தேன். மணியே கேக்கல. பகல் வெளிச்சத்துல விளக்கு அணைஞ்சதும் தெரியல. கொஞ்ச நேரம் கழிச்சு லைன் கட் ஆனதும் நிமிர்ந்து பார்த்தா வெளிய ஒரே புகை. என் போன் மேசையில சார்ஜ்ல கெடந்துச்சு.”

“பேசாத, பேசாத. மூச்சு வாங்குது பாரு.”

“வெளிய போனா வழி தெரியாதுன்னு கதவை மூடிக்கிட்டு, துப்பட்டாவைப் பாதி கிழிச்சு இடுக்குல சொருகிட்டுக் கீழ உட்கார்ந்துட்டேன். பட்டியல்ல என் பேர் இருக்கும், தேடிக்கிட்டு வருவாங்கன்னு தெரியும். அதை நம்பித்தான் உட்கார்ந்திருந்தேன்.” மறுபடி இருமினாள். “ஆனா ரொம்ப நேரம் ஆயிடுச்சுக்கா. ஏன் அவ்வளவு நேரம் ஆச்சு?”

உண்மையை யாரும் சொல்லப்போவதில்லை. புகை அதிகம், படிக்கட்டு இருட்டு என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டால் அவள் நம்பிவிடுவாள். மூத்தவளின் நாக்கு நுனிவரை அது வந்தது.

“நான் எடுக்கச் சொன்னேன்.”

“எதை?”

“பட்டியல்ல இருந்து உன் பேரை. அவங்க கிளம்பினாங்க. நான்தான் நிறுத்தினேன். நீ நிச்சயமா வரலன்னு சொன்னேன்.”

இளையவள் அவளையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். புகையில் சிவந்த கண்ணில் நீர் வழிந்தது. அது புகையாலா, வேறு எதனாலா என்று மூத்தவளுக்குத் தெரியவில்லை.

“காலையில ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கலாமேக்கா” என்றாள்.

ஆம்புலன்ஸ் ஊழியர் கதவைப் பிடித்துக்கொண்டு, கூட யாராவது வருகிறீர்களா என்று கேட்டார். வேறு நாளாக இருந்தால் அவர் கேட்பதற்கு முன்பே மூத்தவள் ஏறி உட்கார்ந்து, எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று ஓட்டுநருக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். இப்போது படியில் கூடக் கால் வைக்காமல் நின்றாள்.

“நான் வரட்டுமா?” என்று கேட்டாள்.

இளையவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூத்தவள் காத்திருந்தாள்.

“வேண்டாம்க்கா. அவருக்கு மட்டும் சொல்லிடுங்க, ஆஸ்பத்திரிக்கு வரட்டும். நீங்க சாயங்காலம் மாமாவைப் பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

“சரிம்மா” என்றாள் மூத்தவள்.

கதவு மூடியது. வண்டி தெருமுனை திரும்பும்வரை அவள் அங்கேயே நின்றாள். அப்புறம் இன்னும் திறக்காமல் கையில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.